வராத வள்ளல்கள்

(ஏற்காட்டில் ஜிம் நடத்தும் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்துப் பேசியது)

டம்பெல் ரேக் பக்கம் நிற்கிறவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து ரப்பர் மேட்டில் உட்காருங்கள். வெளியே பனி இறங்குகிறது, ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறேன். கொஞ்ச நேரப் பேச்சுதான்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உங்களில் முக்கால்வாசிப் பேர் வருடச் சந்தாவாகவே கட்டியிருக்கிறீர்கள். மாதாமாதம் கட்டலாம், பத்து வருகைக்கு ஒரு சீட்டு வாங்கலாம் என்று கவுண்டரில் இருக்கும் தம்பி சொல்லியும் கேட்கவில்லை. “அதெல்லாம் எதுக்குங்க, தினமும் வரப்போறேன்” என்று ஒரே மூச்சில் கட்டிவிட்டீர்கள். கொல்லிமலைக்கு ஓரி இருந்தான். தகடூருக்கு அதியமான் இருந்தான். சுற்றிலும் வள்ளல்களாக இருந்தும் நடுவில் நிற்கிற நம் சேர்வராயன் மலைக்கு ஒரு வள்ளல் இல்லையே என்ற குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இன்றோடு தீர்ந்தது. அவர்களாவது பாணர்கள் வந்து பாடிய பிறகு கொடுத்தார்கள். நீங்கள் யாரும் பாடுவதற்கு முன்பே கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஈடாக ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் போகப் போகிறவர்கள்.

சிரிக்காதீர்கள். இந்த அறையைச் சுற்றிப் பாருங்கள். ஸ்குவாட் ரேக் ஒன்றே ஒன்று. பெஞ்ச் இரண்டு. ட்ரெட்மில் இரண்டில் ஒன்று கரண்ட் விட்டுவிட்டு வரும் நாளில் நின்றுவிடும். சந்தா கட்டிய எல்லாரும் ஒரே மாலையில் வந்து நின்றால் வரிசை ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டும். வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, இந்த மலைப்பனியில் துருப்பிடிக்கும் பார்களுக்கு எண்ணெய்ச் செலவு இருக்கிறது. இத்தனையையும் மீறி இந்த ஷட்டர் தினமும் மேலே போகிறது என்றால், அது வருகிறவர்களால் அல்ல. வராதவர்களால்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவை எடுத்து, ஏழாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களின் கணக்கைப் பார்த்து, 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜிம்முக்குப் போகாமல் இருப்பதற்குப் பணம் கட்டுவது என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு தடவைக்குச் சற்று மேல்தான் வந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கும் மேல் ஆகிறது. அதே ஜிம்மில் பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். இன்னொரு அழகையும் கண்டுபிடித்தார்கள். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. வருவதை நிறுத்திய பிறகும் கொடுப்பதை நிறுத்தவில்லை. உள்ளூர் வள்ளல்களான உங்களுக்கு அந்தச் சிரமமும் கிடையாது. மொத்தத்தையும் முதல் நாளே கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆகவே, நீங்கள் நல்ல உறுப்பினராக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும்.

ஒரு ஜனவரி முதல் தேதி ஒரு தம்பி வந்தார். ரிசார்ட்டில் வேலை. பெயர் வேண்டாம், கொடையாளிகளுக்கு விளம்பரம் பிடிக்காது. அன்று ஒரே மாலையில் பெஞ்ச் பிரஸ், இன்க்ளைன், ஃப்ளை, டிப்ஸ், கடைசியில் கை மடங்கி நெஞ்சு தரையில் விழும் வரைக்கும் தண்டால். “இரண்டு செட் போதும் தம்பி” என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “வலிச்சாதான் மாஸ்டர் வளரும்” என்றார். எப்பேர்ப்பட்ட வீரம்! மறுநாள் சட்டைப் பட்டன் போடக் கை வரவில்லை. அதற்கு அடுத்த நாள் தலை சீவ முடியவில்லை. வலி முழுவதும் போன பிறகு வருகிறேன் என்று போனில் சொன்னார். வலி ஒரு வாரத்தில் போயிருக்கும். அவரும் போய்விட்டார். அங்கே பளபளவென்று தெரிகிறதே அந்த 20 கிலோ பிளேட் ஜோடி, அது அவர் புண்ணியம்.

அந்த வலியின் சங்கதி இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. கிளியூர் அருவியைப் பார்க்க இறங்கிவிட்டு வருகிற டூரிஸ்ட்டுகளைக் கேளுங்கள். ஏறும்போதுதான் மூச்சு வாங்கியிருக்கும். ஆனால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இறங்கியதால். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, அதாவது பள்ளத்தில் இறங்கும்போதும், தூக்கிய எடையைக் கீழே கொண்டுவரும்போதும், பழக்கமில்லாத நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகும். வலி மறுநாள் ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். உடம்பின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அதே வேலையைச் சில நாள் கழித்து மறுபடி கொடுத்தால் முதல் தடவை வலித்த மாதிரி வலிக்காது. ஒரே பாடத்தில் கற்றுக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் கொஞ்சமாகச் செய்துவிட்டு, லேசான வலியோடேயே மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்பி வந்துவிடாதீர்கள். வந்தால் வலி குறைந்துவிடும். குறைந்தால் அடுத்த வாரமும் வருவீர்கள். எனக்கு அது ஆகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வீரம் எல்லை மீறினால் தசை நார் பெருமளவில் உடைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கைகால் தாங்க முடியாமல் வலித்து வீங்கி, பலமே இல்லாமல் போய், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் வந்தால் அது சாதாரண வலி அல்ல. வீட்டில் படுத்துக்கொண்டு இளநீர் குடித்துப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதேபோல் பிரஷர், சர்க்கரை, நெஞ்சுவலி என்று எதற்காவது மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இந்த இரும்பைத் தொட வேண்டும்.

சரி, மறுபடி புகழுக்கு வருவோம். உங்கள் ஷூக்களைப் பார்க்கிறேன். ஒன்றிலும் ஒரு மடிப்பு இல்லை. கையுறை, இடுப்பு பெல்ட், குலுக்கிக் குடிக்கிற பாட்டில், ஐந்து கிலோ புரோட்டீன் பவுடர் டப்பா. ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் ஆயுத சாலையைக் காட்டினானாம். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி வைத்த வேல்கள். கிழவி மனசாரப் பாராட்டினாள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருத்தத்தோடு சொன்னாளாம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அது விளங்கவில்லை. ஜிம் வைத்த பிறகு, ஜனவரியில் வரும் பைகளையும் அவை ஏப்ரலில் இருக்கும் நிலையையும் பார்த்த பிறகுதான் விளங்கியது. தகடூர்க்காரர்களைப் போல உங்கள் பொருட்களைத் தேய்த்துக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்படிக் கெடுக்கிற ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். ஒருவரை அடையாளம் சொல்கிறேன், அவரோடு சேராதீர்கள். பக்கத்துக் காபி எஸ்டேட்டில் ரைட்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். செவ்வாய், வெள்ளி, இரண்டே நாள் வருவார். முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார். செய்வது நான்கே நான்கு. நெஞ்சோடு டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, பெஞ்ச் மேல் கையூன்றித் தண்டால், குனிந்து டம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது, முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் மடக்கி வெறும் பாரைத் தூக்குவது. உட்காருவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது. காபி மூட்டை முதல் பேரக்குழந்தை வரை எதைத் தூக்கினாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும் என்பது அவர் வாதம். பைசெப்ஸுக்கு என்று தனியாக ஒரு நாள்கூட ஒதுக்காத கல்நெஞ்சர்.

அவர் பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். எஸ்டேட் ஆட்களுக்குப் பேர் போடுகிற மாதிரியே பென்சிலில் எழுதுவார். முதல் செவ்வாய்க்கிழமையின் பக்கத்தைக் காட்டினார். உட்கார்ந்து எழுதல், 8 கிலோ, 8 – 8 – 8. அதாவது எட்டு கிலோவை வைத்துக்கொண்டு எட்டெட்டாக மூன்று செட். இன்னும் இரண்டு மூன்று எழ முடியும் என்கிற நிலையிலேயே நிறுத்திவிட்டார். பார்க்கவே கூச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை 9 – 9 – 8. அடுத்த செவ்வாய் 10 – 9 – 9. இப்படி ஒன்றும் இரண்டுமாகக் கூட்டி மூன்றாம் வாரக் கடைசியில் 12 – 12 – 12 வந்ததும், 10 கிலோ டம்பெல்லை எடுத்துக்கொண்டு மறுபடி எட்டுக்கு இறங்கினார். இரண்டு கிலோ கூட்ட மூன்று வாரம்! நம் தம்பி ஜனவரி முதல் தேதி ஒரு மாலையில் கூட்டிய எடை அதைவிட எவ்வளவோ அதிகம்.

அந்த நோட்டில் அவர் குறிப்பது இன்னும் ஒன்று உண்டு. கடைசி இரண்டு எழல்களில் முட்டி உள்பக்கம் சாய்ந்தாலோ, குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ, அந்த செட்டை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். இரண்டு வருகை தொடர்ந்து எண்ணிக்கை ஏறாமல் இருந்தால், ராத்திரித் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பார். மூன்றாவது தடவையும் ஏறாவிட்டால் எடையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி ஏறி வருவார். கொஞ்சம்கூடத் தன்மானம் இல்லாத மனிதர். ஆறு மாதம் போன பிறகு அவர் கையில் இருந்தது 24 கிலோ டம்பெல். எட்டு ரூபாய் கடனை மூன்று மடங்காக்கி வசூலிக்கிற கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார். அவர் கட்டிய சந்தாவுக்கு ஒரு வருகையின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீயும் பஜ்ஜியும் அதைவிட அதிகம். என் வயிற்றில் அடிக்கிறவர் என்று நான் சொல்வதில் தப்புண்டா?

உங்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் வராமல் இருக்க ஒரு உபகரணம் வைத்திருக்கிறேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்தாவது நாள் அதன் முன்னால் நின்று கையை மடக்கிப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. தெரியவும் முடியாது. முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பின் வேலை. இருக்கிற தசையை ஒழுங்காகச் சேர்த்து ஏவ மூளை கற்றுக்கொள்கிறது. தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு தடிக்க இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் இந்த நேரத்தில் 8 – 8 – 8 என்பது 10 – 9 – 9 ஆகியிருக்கும். அதைக் கண்ணாடி காட்டாது, நோட்டுதான் காட்டும். அதனால்தான் கண்ணாடியை நான் ஓசியாக வைத்திருக்கிறேன், நோட்டை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று நம்பி வந்திருப்பவர்களுக்கும் என் பாராட்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்து 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, உடற்பயிற்சி செய்வது என்று ஆளுக்கு ஒன்று. யோசிக்காமலேயே செய்கிற நிலை வருவதற்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது. உடற்பயிற்சிக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. நீங்கள் 22-ஆம் நாள் காலையில் கண் விழித்து, “இன்னும் போர்வையை விட்டு எழ மனசு வரலையே, எனக்கு இது ஒத்துவராது போல” என்று முடிவெடுப்பீர்கள். மலையில் டிசம்பர் குளிர் வேறு. மிகச் சரியான முடிவு.

அந்த ஆய்வில் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாத ஒரு வரி உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆனால் நம் வள்ளல்களின் கொள்கை வேறு. ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப்போனால் அந்த வாரம் போச்சு. வாரம் போனால் மாதம் போச்சு. ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம். ஒன்றாம் தேதி அஷ்டமியாக இருந்தால் தை பிறக்கட்டும். இவ்வளவு நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் தெய்வ பக்தியில் குறைந்தவர்களாக இருக்க முடியுமா?

இன்னொருவரையும் எச்சரித்துவிடுகிறேன். பையனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அதே ஸ்கூட்டியில் நேராக இங்கே வருகிற ஒரு அக்கா. முதல் மாதம் அவர் வீட்டுக்குப் போய், பாத்திரத்தைக் கழுவிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு வரலாம் என்றுதான் இருந்தார். ஒரு நாளும் வரவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு யாரோ யோசனை சொல்லிவிட்டார்கள், மாற்றுத்துணியை முந்தின ராத்திரியே ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டார். இப்போது பையனை இறக்கிவிட்டால் வண்டி தானாக இந்தப் பக்கம் திரும்புகிறது என்கிறார். ‘தினமும் காலையில் போவேன்’ என்று சபதம் எடுப்பவர்களால் எனக்கு ஆபத்தில்லை. தினமும் தப்பாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுகிறவர்களால்தான் ஆபத்து.

கடைசியாக மே மாதம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி. ரிசார்ட்டிலும் கடையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அறுவடைக் காலத்தில் எஸ்டேட்காரர்களுக்கும் அதே கதை. அப்போது முழுசாக விட்டுவிடுவதுதான் முறை. அந்த ரைட்டர் அதிலும் குறுக்கே வருகிறார். அறுவடை மாதங்களில் வாரம் ஒரே நாள் வந்து, எடையைக் குறைக்காமல், மூன்று செட்டுக்குப் பதில் ஒன்றிரண்டு செட்டோடு போய்விடுவார். சேர்த்த பலத்தைக் கூட்ட வேண்டுமானால்தான் அதிக உழைப்பு வேண்டும். இருப்பதைக் காப்பாற்ற அதில் ஒரு பங்கு போதும், எடை மட்டும் குறையக் கூடாது. வேலை ஓய்ந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நீங்கள் ஜூனில் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், முதல் நாள் வலி உட்பட. புது அட்மிஷன் ஃபீஸும் உண்டு.

பேச்சு முடிந்தது. கவுண்டரில் இரண்டு ரசீதுப் புத்தகம் இருக்கிறது. வருடச் சந்தா கட்டியவர்களில் யாருக்காவது மனம் மாறினால், இன்று ராத்திரிக்குள் அதைப் பத்து வருகைச் சீட்டாக மாற்றிக்கொள்ளலாம், மீதிப் பணத்தைத் தம்பி எண்ணிக் கொடுப்பார். அந்தப் பத்தையும் வாரம் இரண்டாக ஐந்து வாரத்தில் தீர்க்கிறவர்கள் அதன் பிறகு தாராளமாக வருடத்துக்குக் கட்டுங்கள். நஷ்டம் என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். நாளை செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு ஷட்டர் திறந்திருக்கும், எட்டு கிலோ டம்பெல் கீழ்த்தட்டில் இருக்கும். வராதவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.